ஆடும் டாய்லெட் கோப்பை: சிலிகான் போதுமா, கேஸ்கெட்டை மாற்ற வேண்டுமா?

"வெஸ்டர்ன் டாய்லெட்ல உட்கார்ந்து எழும்போது லேசா ஆடுது. ஃப்ளஷ் பண்ணினா சில நாள் அடியில ஈரம் தெரியுது, சில நாள் தெரியல. சுத்தி சிலிகான் போட்டு அடைச்சா சரியாகிடுமா? இல்ல கழட்டி உள்ள இருக்கிற கேஸ்கெட்டையே மாத்தணுமா?"

அந்த ஈரம் அடியிலிருந்துதான் வருகிறது என்று உறுதியானால், கழற்றி கேஸ்கெட்டை மாற்றத்தான் வேண்டும். ஆனால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் திரும்பவும் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். முதலில் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், அடுத்து கேஸ்கெட், கடைசியில்தான் சிலிகான். இந்த வரிசையை மாற்றிச் செய்கிற வீடுகளில்தான் வேலை இரண்டு மூன்று முறை நடக்கிறது.

ஏன் இந்த வரிசை என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் புரியும். தரையில் கழிவுக் குழாயின் வாயைச் சுற்றி ஒரு தட்டையான வளையம் பொருத்தியிருப்பார்கள், ஃபிளேஞ்ச் என்பது அதுதான். அதிலிருந்து இரண்டு போல்ட்கள் மேல்நோக்கி நிற்கும். கோப்பையின் அடியில் இரண்டு ஓட்டைகள் அந்த போல்ட்களில் இறங்கும். கோப்பையின் வெளியேறும் வாய்க்கும் ஃபிளேஞ்சுக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்திருப்பதுதான் கேஸ்கெட். அது மெழுகு வளையமாக இருக்கும், அல்லது ரப்பர் வளையமாக இருக்கும். கோப்பைக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறதே, அதுதான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. ஆனால் கேஸ்கெட் இருப்பது அந்தத் தண்ணீருக்கும் அப்பால், கழிவுக் குழாயின் பக்கத்தில். அங்கே ஒரு சின்ன இடைவெளி விழுந்தாலும் சாக்கடைக்கும் உங்கள் குளியலறைக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. தண்ணீர் ஒழுகுவதற்கு முன்பே அழுகிய முட்டை மாதிரி ஒரு வாடை லேசாக வர ஆரம்பிப்பது இதனால்தான்.

மெழுகுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தினால் அமுங்கும், அமுங்கிய வடிவத்திலேயே நிற்கும், திரும்ப எழும்பாது. கோப்பை அசையாமல் உட்கார்ந்திருக்கும் வரை இந்தக் குணம் நன்மைதான், எல்லா இடுக்கையும் நிரப்பிக்கொண்டு பல பத்தாண்டுகள்கூட அப்படியே கிடக்கும். ஆனால் கோப்பை ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் சாய்ந்து திரும்பி வந்தால், சாய்ந்த பக்கத்து மெழுகு இன்னும் நசுங்கிப்போகும், திரும்பி வரும்போது அங்கே இடைவெளி நிற்கும். ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழும்போதும் இது நடக்கிறது. மெழுகைக் கெடுப்பது வயசு இல்லை, ஆட்டம்தான்.

சரி, முதலில் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை என்கிறீர்கள். கோப்பையின் அடியைச் சுற்றித் தெரியும் தண்ணீர் எல்லாமே அடியிலிருந்து வருவதில்லை. டேங்குக்குப் போகும் கனெக்‌ஷன் ஓஸின் நட்டு, ஆங்கிள் வால்வு, டேங்கையும் கோப்பையையும் இணைக்கும் போல்ட்கள், இவற்றில் எங்கே கசிந்தாலும் தண்ணீர் பீங்கானை ஒட்டியே இறங்கி அடியில்தான் சேரும். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாட்களில், குளிர்ந்த தண்ணீர் நிற்கும் டேங்கின் வெளிப்புறம் வியர்த்து வடிவதும் உண்டு.

கண்டுபிடிக்க எளிய வழி: எல்லா இடத்தையும் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம் ஒரு காய்ந்த டிஷ்யூ தாளை எடுத்து நட்டுகளையும் டேங்கின் அடிப்பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஃப்ளஷ் செய்யாமலே தாள் நனைந்தால் குற்றம் மேலே இருக்கிறது, கேஸ்கெட்டைத் தொட வேண்டாம். மேலே எல்லாம் காய்ந்திருந்தால் கோப்பைத் தண்ணீரில் அடர்த்தியான கலர் பொடியைக் கரைத்து, நான்கைந்து முறை ஃப்ளஷ் செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் மறுபடி கொஞ்சம் கலர் போட்டுக்கொண்டே. ஒருவர் கோப்பையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் சாய்ந்தபடி ஃப்ளஷ் செய்தால் சோதனை இன்னும் உறுதியாகும், ஏனென்றால் இடைவெளி அப்போதுதான் திறக்கிறது. அடியில் கலர்த் தண்ணீர் எட்டிப்பார்த்தால் வேறு சாட்சி வேண்டாம். வராவிட்டால் உடனே நிம்மதியடைய வேண்டாம். கோப்பையின் அடி உள்ளே குழிவாக இருக்கும். அந்தக் குழி நிரம்பிய பிறகுதான் தண்ணீர் வெளியே தெரியும். சில நாள் தெரிந்து சில நாள் தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கீழே இன்னொரு தளம் இருந்தால், அங்கே கூரையில் கறை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஆட்டம். எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். கோப்பைக்கு இரண்டு பக்கமும் தரையில் கால்களை ஊன்றி நின்று, முழங்கால்களால் மெதுவாக இடம் வலம் அசைத்துப் பாருங்கள், பிறகு முன் பின். அப்புறம் ஒரு தடித்த அட்டையை, பழைய விசிட்டிங் கார்டு போதும், அடியின் விளிம்பைச் சுற்றி நுழைத்துப் பாருங்கள். அட்டை உள்ளே போகும் இடங்களில் தரையில் பென்சிலால் ஒரு கோடு. ஒரு மூலையில் அட்டை போய், அதற்கு எதிர்மூலையிலும் போனால் தரையோ கோப்பையின் அடியோ சமமாக இல்லை. சுற்றிலும் நன்றாகப் படிந்திருந்தும் ஆடினால் போல்ட் தளர்ந்திருக்கிறது. நட்டைத் திருப்பும்போது போல்ட்டும் கூடவே சுற்றினால், அல்லது எவ்வளவு திருப்பினாலும் இறுகாவிட்டால், ஃபிளேஞ்ச் உடைந்திருக்கலாம், அல்லது போல்ட்டே கெட்டிருக்கலாம். தரையே மிதிக்கும்போது அமுங்கினால் அது வேறு விஷயம், கீழே ஊறிப்போயிருக்கிறது, கோப்பையை எடுத்துவிட்டுத் தரையைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

தரை சமமாக இல்லாதது எப்போதும் கொத்தனாரின் தவறு என்று சொல்ல முடியாது. கோப்பை களிமண்ணில் வார்த்துச் சூளையில் சுட்ட பொருள். காய்ந்து சுடப்படும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது, சுருங்கும்போது கொஞ்சம் கோணவும் செய்யும். புது கோப்பையைக் கண்ணாடி மாதிரி சமமான தரையில் வைத்தால்கூட ஒரு மூலை தூக்கி நிற்கலாம். போதாததற்கு, தண்ணீர் வடிய வேண்டும் என்று குளியலறைத் தரையையே ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் போடுகிறார்கள்.

இந்த இடைவெளியை போல்ட்டை இறுக்கித் தீர்க்கப் பார்க்காதீர்கள். பலர் உடைப்பது இங்கேதான். பீங்கான் வளையாது. அடியில் காற்று இருக்கும் இடத்தில் போல்ட் கீழே இழுத்தால், ஓட்டையிலிருந்து விளிம்பு வரை மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடும், அதோடு கோப்பை போயிற்று. இடைவெளியை நிரப்ப வேண்டியது ஆப்பு. இதற்கென்றே பிளாஸ்டிக் ஆப்புகள் கிடைக்கின்றன, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும். மரச்சீவலை வைக்காதீர்கள், ஈரத்தில் ஊறி அமுங்கி, கடைசியில் மக்கிவிடும். இரும்புத் துண்டு துருப்பிடித்து டைல்ஸில் கறை விடும். அட்டை நுழைந்த இடங்களில் ஆப்பைக் கையால் மட்டும் தள்ளுங்கள், இனி போகாது என்னும் இடத்தில் நிறுத்துங்கள். சுத்தியலால் தட்டினால் கோப்பை எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஆட்டம் இப்போதுதான் ஆரம்பித்தது, வாடை இல்லை, கலர்த் தண்ணீர் வரவில்லை, கீழே கறை இல்லை என்றால், கோப்பையைத் தூக்காமல் ஆப்பு வைத்து நட்டைக் கொஞ்சம் இறுக்கி, இரண்டு மூன்று வாரம் சிலிகான் போடாமல் விட்டுக் கவனியுங்கள். அதுவே போதுமானதாக இருக்கலாம். ஈரமோ வாடையோ வந்துவிட்டது, அல்லது மாதக்கணக்காக ஆடுகிறது என்றால் தூக்கித்தான் ஆக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன், கலர் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுடையதோடு நிறைய ஒத்துப்போகும். குளியலறையில் பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினார்கள். வேலை முடிந்து சில மாதத்தில் கோப்பை ஆட ஆரம்பித்தது. வேலை பார்த்தவரே வந்து அடியைச் சுற்றி முழுதுமாக சிலிகான் இழுத்துவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் அது கிழிந்தது. மறுபடியும் அதன் மேலேயே இன்னொரு பூச்சு. "ரெண்டு தடவை பசை போட்டாச்சுடா, இப்ப தண்ணியே வரல, ஆனா காலையில கதவைத் திறந்தா நாறுது" என்றாள். தண்ணீர் வரவில்லை என்று அவள் சொன்னதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. பின்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு சிலிகானை பிளேடால் அறுத்தேன். கறுத்த தண்ணீர் ஒரு கோடாக வடிந்து டைல்ஸில் இறங்கியது. ஒழுகுவது நிற்கவே இல்லை, வெளியே வர வழியில்லாமல் அடியிலேயே தேங்கி, டைல்ஸ் இணைப்பு வழியாகத் தரைக்குள் போய்க்கொண்டிருந்தது. கீழ்த்தளக் கூரையில் உள்ளங்கை அளவு மஞ்சள் வட்டம் ஏற்கெனவே விழுந்திருந்தது.

கோப்பையைத் தூக்குவதற்கு முன் ஆங்கிள் வால்வை மூடி ஃப்ளஷ் செய்தோம். டேங்கிலும் கோப்பையிலும் மிச்சமிருந்த தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தோம். இதைச் செய்யாமல் சாய்த்தால் அழுக்குத் தண்ணீர் முழுதும் காலில்தான் கொட்டும். ஓஸைக் கழற்றி, சிலிகானைச் சுற்றி அறுத்து, இரண்டு நட்டையும் எடுத்தோம். இடப்பக்க நட்டு நாலே சுற்றில் கையோடு வந்துவிட்டது, போல்ட்டின் நுனியில் இரண்டு மூன்று மரைகளில்தான் அது தொற்றிக்கொண்டிருந்தது. கோப்பையை லேசாக இடம் வலம் அசைத்து மெழுகை விடுவித்து, இரண்டு பேராக நேரே மேலே தூக்கிப் பழைய போர்வையில் சாய்த்து வைத்தோம். டேங்கோடு சேர்ந்தால் நல்ல கனம், தனியாகத் தூக்க வேண்டாம். அடுத்த நொடியே குழாய் வாயில் ஒரு துணியை அடைத்தோம், ஒரு முனை வெளியே நீளமாகத் தொங்கும்படி. வாயு வராது, நட்டும் உள்ளே விழாது.

மெழுகு வளையத்தைப் பார்த்தபோது கதை முழுதும் அதிலேயே எழுதியிருந்தது. வலது முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. இடது பின்பக்கம் பிறை வடிவத்தில் ஒரு பகுதி நசுங்கவே இல்லை, கடையில் வாங்கிய அன்று இருந்த பளபளப்போடு இருந்தது. பீங்கான் அங்கே அதைத் தொட்டதே கிடையாது. அந்தப் பிறைக்குக் கீழே கழிவு ஓடிய தடம் பழுப்பாகப் படிந்திருந்தது.

காரணம் உயரம். ஒரு நேர்ப்பட்டையைத் தரையில் குறுக்கே வைத்து அளந்தேன். ஃபிளேஞ்சின் மேல்முகம் தரைமட்டத்துக்கு 9 மில்லிமீட்டர் கீழே கிடந்தது. முதலில் பொருத்தியபோது பழைய டைல்ஸுக்கு மேலே 6 மில்லிமீட்டர் நின்றிருக்க வேண்டும், அதுதான் சரியான இடம்: ஃபிளேஞ்ச் முடிந்த தரையின் மேல் உட்கார வேண்டும், அதன் தடிமன் தரைக்கு மேலே தெரிய வேண்டும். புது டைல்ஸ் 10 மில்லிமீட்டர், ஒட்டிய பசை ஒரு 5 மில்லிமீட்டர், ஆகத் தரை 15 மில்லிமீட்டர் ஏறிவிட்டது. ஃபிளேஞ்சை யாரும் ஏற்றவில்லை. மெழுகு எட்டாததற்கும், போல்ட் நுனியில் மட்டும் நட்டு பிடித்ததற்கும் இந்த 15 மில்லிமீட்டர்தான் காரணம். தரை டைல்ஸ் மாற்றிய பிறகு ஆட ஆரம்பித்த கோப்பை என்றால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

இந்த மாதிரி நேரத்தில் இரண்டு மெழுகு வளையத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். சில வீடுகளில் அது நிற்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு மெழுகுக்கு நடுவே இருக்கும் கோடு வழுக்கும் இடம், கோப்பையை இறக்கும்போது மேல் வளையம் நகர்ந்தால் வெளியிலிருந்து தெரியாது. ஃபிளேஞ்ச் தரையோடு சமமாகவோ சில மில்லிமீட்டர் மட்டும் கீழாகவோ இருந்தால், தடித்த ஒற்றை வளையம் ஒன்று போதும். அதற்கும் கீழே போய்விட்டால் ஃபிளேஞ்சை உயர்த்தும் வளையங்களை வைப்பதே நல்லது. அக்கா வீட்டில் 6 மில்லிமீட்டர் வளையம் இரண்டு வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் அடியில் சிலிகான் இழுத்து, நீளமான துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் பழைய ஃபிளேஞ்சையும் தாண்டித் தரையில் பிடித்தோம். 9 கீழே இருந்தது 3 மேலே வந்தது. கனவு உயரம் 6, ஆனால் 3 தாராளமாகப் போதும். போல்ட்களையும் நீளமானதாகப் புதிதாக மாற்றினோம்.

இதற்குப் பிறகு செய்த ஒன்றைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. கேஸ்கெட் இல்லாமலே கோப்பையை ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். பழைய மெழுகை ஃபிளேஞ்சிலும் கோப்பையின் வாயிலும் பட்டித் தகட்டால் துளிகூட இல்லாமல் சுரண்டிவிட்டு, வெறும் கோப்பையை போல்ட்களில் இறக்கினோம். ஆடியது, இடது பின்பக்கம் 2 மில்லிமீட்டர் அளவுக்கு. அங்கே ஆப்புகளை வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஆட்டம் முழுதுமாக நின்ற பிறகு ஆப்பு இருந்த இடத்தையும் கோப்பையின் ஓரத்தையும் தரையில் குறித்துக்கொண்டோம். ஆப்புகளை டேப்பால் தரையில் ஒட்டினோம். மெழுகை வைத்துவிட்டு அப்புறம் ஆட்டம் பார்த்தால், அந்த ஆட்டத்திலேயே புது மெழுகு கெட்டுவிடும். வெறுமனே வைத்துப் பார்க்க ஆகும் பத்து நிமிடம் ஒரு கேஸ்கெட்டைக் காப்பாற்றும். இந்த வெள்ளோட்டத்தில் இன்னொன்றும் தெரியும்: ஃபிளேஞ்ச் ரொம்ப உயரமாக நின்று, கோப்பையின் அடியை அதுவே தாங்கினால், எந்த ஆப்பும் ஆட்டத்தை நிறுத்தாது. அப்போது ஃபிளேஞ்சைத்தான் இறக்க வேண்டும்.

பிறகு கோப்பையைத் தூக்கி, மெழுகு வளையத்தை ஃபிளேஞ்சின் நடுவே வைத்தோம். மெழுகு அறைச் சூட்டில் இருக்க வேண்டும், குளிர்ந்து கெட்டியானது சரியாகப் பரவாது. குழாய் வாயில் இருந்த துணியை எடுத்தோம். சிரிக்காதீர்கள், இந்தத் துணியை மறந்துவிட்டு மூடிய வீடுகள் உண்டு, முதல் ஃப்ளஷிலேயே கோப்பை நிரம்பி வழியும். இரண்டு பேரும் கோப்பையைப் பிடித்து, போல்ட் ஓட்டைகளை நேர்பார்த்து, செங்குத்தாக ஒரே தடவையில் இறக்கினோம். மெழுகில் தொட்ட பிறகு 'கொஞ்சம் தள்ளிப்போச்சு' என்று திரும்பத் தூக்கக் கூடாது. தூக்கினால் அந்த வளையம் முடிந்தது, புதிது வேண்டும். அதனால் எப்போதும் ஒரு வளையம் கூடுதலாக வாங்கி வையுங்கள். மேலே உட்கார்ந்து எடையால் மெதுவாக அழுத்தினோம், ஆப்புகளில் கோப்பை பதியும் வரை. நட்டுகளை வாஷரோடு கையால் இறுக்கி, அப்புறம் சின்ன ஸ்பேனரால் இடது நட்டு கால் சுற்று, வலது நட்டு கால் சுற்று என்று மாறி மாறி. எதிர்ப்பு வந்ததும் நிறுத்தினோம். மறுநாள் மெழுகு இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது, நட்டு அரைக்கால் சுற்று ஏற்றது, அவ்வளவுதான்.

மெழுகா ரப்பரா என்று கேட்பீர்கள். ஆட்டமில்லாத சமமான தரையில், சரியான உயர ஃபிளேஞ்சில் மெழுகை மிஞ்ச ஒன்றும் இல்லை. தரை கொஞ்சம் சந்தேகமாக இருந்தாலோ, முதல்முறை செய்கிறீர்கள், இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும் என்று தோன்றினாலோ ரப்பர் வகை வாங்குங்கள். அது அமுங்கினாலும் திரும்ப எழும்பும், கோப்பையை எடுத்து மறுபடி வைக்கலாம். ஆனால் ரப்பர் ஆட்டத்தைத் தாங்கும் என்பதற்காக ஆட்டத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். போல்ட்டும் ஃபிளேஞ்சும் ரப்பர் இல்லை, ஒவ்வொரு அசைவும் அவற்றை வளைத்துக்கொண்டுதான் இருக்கும். ரப்பரில் வாங்கும்போது குழாயின் உள்விட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று அளந்து வாங்க வேண்டும், மெழுகு மாதிரி அது தானாக இடம் பார்த்து உட்காராது.

கேஸ்கெட்டை எப்போது மாற்றுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான். எந்தக் காரணத்துக்காகக் கோப்பையைத் தூக்கினாலும், அடைப்பு எடுக்கவோ டைல்ஸ் மாற்றவோ, மெழுகு புதிதாகத்தான் வைக்க வேண்டும், பழையது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும். ஃப்ளஷ் செய்யும்போது அடியில் தண்ணீர், தண்ணீர் இல்லாமல் சாக்கடை வாடை, கீழ்த்தளத்தில் கறை, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் மாற்ற வேண்டும். வாடைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: பக்கத்தில் இருக்கும் தரை வடிகாலில் தண்ணீர் வற்றியிருந்தாலும் இதே வாடை வரும், முதலில் அதில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ரப்பர் வளையம் என்றால் விளிம்பு கிழிந்திருந்தாலோ, விரலால் அழுத்தினால் மீளாமல் இறுகிப்போயிருந்தாலோ மாற்றுங்கள், இல்லையென்றால் கழுவித் திரும்ப வைக்கலாம். அசையாத, வாடையில்லாத, காய்ந்த கோப்பையை 'பத்து வருஷம் ஆச்சே' என்பதற்காகத் தூக்காதீர்கள். நன்றாக உட்கார்ந்திருக்கும் மெழுகைக் கலைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

உங்கள் வீட்டில் ஃபிளேஞ்சே இல்லாமலும் இருக்கலாம். பல இடங்களில் கோப்பையின் அடியைத் தரையில் துளையிட்டு பிளக் அடித்து நேராக ஸ்க்ரூவால் பிடித்திருப்பார்கள். கோப்பையின் வாய் பின்னால் சுவரை நோக்கிப் போய், ஒரு ரப்பர் கனெக்டர் வழியாகக் குழாயில் சேரும். அங்கே அடியில் மெழுகு எதுவும் கிடையாது. ஆடினால் பின்னால் இருக்கும் கனெக்டர்தான் இழுபடும், ஒழுகலும் பின்பக்கம் கோப்பைக்கும் சுவருக்கும் நடுவே தெரியும். ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் பிளக் துளையில் தளர்ந்திருப்பது. பழைய துளையில் அதே பிளக்கைத் திரும்ப அடிப்பது வீண். துளையைச் சுத்தம் செய்து, எபாக்ஸி நிரப்பி அதற்குள் பிளக்கை வைத்துக் காயவிட்டால் பிடிக்கும். புதிதாக ஆழமாகத் துளையிடுவதற்கு முன் யோசியுங்கள், அடியில் தண்ணீர் தடுப்புப் பூச்சு இருக்கிறது, குழாயும் போகலாம். கனெக்டரின் உள் உதடுகள் கிழிந்திருந்தால் அதை மாற்ற வேண்டும், வெளியே பூசி அடைப்பது நிற்காது.

இப்போது சிலிகான். அது பசை இல்லை, தாங்குகிற பொருளும் இல்லை. கழுவும் தண்ணீரும் சிறுநீரும் கோப்பையின் அடிக்குள் புகுந்து அழுகி நாறாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதனால் போடத்தான் வேண்டும், சில நாடுகளின் பிளம்பிங் விதிகளும் தரையோடு சேரும் இணைப்பை அடைக்கச் சொல்கின்றன. முழுதும் சுற்றி அடைப்பதா, பின்னால் இடைவெளி விடுவதா என்பதில் பிளம்பர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நான் பின்பக்கம் 5 சென்டிமீட்டர் விடுகிற ஆள். முன்னும் பக்கமும் அழுக்குப் படும் இடங்கள், அவை அடைபட்டிருக்கும். பின்னாடி விட்ட வழி, கேஸ்கெட் என்றாவது ஒழுகினால் உடனே காட்டிக்கொடுக்கும். அக்கா வீட்டில் அந்த 5 சென்டிமீட்டர் இருந்திருந்தால் கீழ்க்கூரையில் கறை விழுந்திருக்காது.

வெள்ளை சிமென்ட்டை நான் விரும்புவதில்லை. துளி ஆட்டம் இருந்தாலும் வெடிக்கும். அடுத்த தடவை கோப்பையை எடுக்கும்போது உளியால் கொத்த வேண்டியிருக்கும், அதில் பாதி நேரம் பீங்கானும் சேர்ந்து உடையும். ஏற்கெனவே சிமென்ட் போட்டிருந்தால் மெல்லிய உளியால் சிமென்ட்டைத் தரைப்பக்கமாகத் தட்டி எடுங்கள், கோப்பையின் பக்கமாக நெம்பாதீர்கள்.

சிலிகான் போடும் நாள் முக்கியம். கேஸ்கெட் வைத்த அன்றே போடாதீர்கள். அக்கா வீட்டில் பத்து முறை ஃப்ளஷ் செய்து பார்த்துவிட்டு, இரண்டு நாள் அப்படியே பயன்படுத்தச் சொன்னேன். அடியில் ஓரமாக டிஷ்யூ தாளைச் செருகி வைத்தோம், இரண்டு நாளும் காய்ந்தே இருந்தது. அப்புறம் ஆப்புகளின் நீட்டிய முனையைக் கத்தியால் விளிம்புக்கு உள்ளே போகும்படி வெட்டிவிட்டு, தரையை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, பழைய சிலிகான் துளிகூட இல்லாமல் சுரண்டினோம். பழைய சிலிகான் மேல் புதியது ஒட்டாது, அவளுடைய இரண்டாவது பூச்சு நிற்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பூஞ்சை பிடிக்காத குளியலறை வகை சிலிகான் வாங்குங்கள். தரை மார்பிள் மாதிரி இயற்கைக் கல் என்றால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், அதன் அமிலம் கல்லில் தடம் விடும், நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். கோப்பையிலும் தரையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவே ஒரே இழுப்பாக இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒருமுறை தடவி, காய்வதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். 24 மணி நேரம் அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது. முடிந்தால் வேறு டாய்லெட்டைப் பயன்படுத்துங்கள், பாதி காய்ந்த சிலிகான் ஒரு அசைவில் விட்டுவிடும்.

பிறகு ஒரு மாதம் கழித்து அந்த விசிட்டிங் கார்டை மறுபடி எடுத்து, பின்பக்க இடைவெளியில் நுழைத்து வெளியே இழுத்துப் பாருங்கள். காய்ந்து வந்தால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது. நனைந்து வந்தால், நட்டை இறுக்கிப் பார்க்காமல், கலர்ப் பொடியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.